மாதம் 20,000 மிஞ்சுகிறது: வீட்டுக்கடனைக் குறைப்பதா, எஸ்ஐபி போடுவதா?

கேள்வி: 2021 ஜூனில் 30 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன் வாங்கினேன். அப்போது வட்டி 6.9%, காலம் 20 வருடம், தவணை 23,079 ரூபாய். நடுவில் வங்கியே தவணையை 25,000 ஆக்கிவிட்டது. இதுவரை 13 லட்சத்துக்கு மேல் கட்டிவிட்டேன், ஆனால் பாக்கி இன்னும் 28 லட்சம் நிற்கிறது. வட்டி இப்போது 8.15%. எனக்கு 38 வயது, தனியார் நிறுவனத்தில் ஆண்டுக்கு 14 லட்சம் சம்பளம். மனைவி வேலைக்குப் போகவில்லை. மகளுக்கு 10 வயது, மகனுக்கு 6. வீட்டுச் செலவு 40,000. தவணை, பள்ளிக்கட்டணம் எல்லாம் போக மாதம் 20,000 மிஞ்சுகிறது. நான்கு மாதமாக அதை ஆர்.டி.யில் போடுகிறேன். எஃப்.டி.யில் 3 லட்சம் இருக்கிறது. அப்பா ‘முதல்ல கடனை அடைச்சுட்டு மத்ததைப் பாரு’ என்கிறார். அலுவலக நண்பரோ ‘வீட்டுக்கடனை விட மலிவான கடன் கிடையாது, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் எஸ்ஐபி போடு’ என்கிறார். யார் சொல்வது சரி?

— வாசகர், திருச்சி

பதில்: உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்திய வரி, 13 லட்சம் கட்டியும் அசல் 2 லட்சம்தான் குறைந்திருக்கிறது என்பது. அது ஏன் நடந்தது என்று முதலில் பார்த்துவிடலாம். உங்கள் கேள்விக்கான பதிலில் பாதி அங்கேதான் இருக்கிறது.

நீங்கள் கடன் வாங்கியபோது, வங்கிகளுக்குக் கடன் கொடுக்க ரிசர்வ் வங்கி வாங்கும் ரெப்போ வட்டி 4%. உங்கள் வங்கி அதன் மேல் 2.9% சேர்த்து 6.9% என்று நிர்ணயித்திருக்கிறது. 2022 மே மாதத்தில் ரெப்போ ஏறத் தொடங்கி 2023 பிப்ரவரியில் 6.5%-இல் போய் நின்றது. உங்கள் வட்டியும் கூடவே ஏறி 9.4% ஆகியிருக்கும். அந்தச் சமயம் பாக்கி சுமார் 29 லட்சம். அதற்கு 9.4% என்றால் ஒரு மாத வட்டி மட்டும் 22,700 ரூபாய்க்கு மேல். நீங்கள் கட்டியது 23,079. அதாவது அசலில் கழிந்தது முந்நூறு ரூபாய் அளவுக்குத்தான். அந்த நிதியாண்டின் கடன் ஸ்டேட்மென்ட்டை எடுத்து ‘பிரின்சிபல்’ என்ற பத்தியைப் பாருங்கள், தெரியும்.

பல வங்கிகள் அப்போது தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டின. கடன்தாரர்களில் பலருக்கு அது தெரியவே இல்லை. 2023 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி தலையிட்டு, வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று வாடிக்கையாளரைக் கேட்க வேண்டும் என்றது. தவணை மாதாந்திர வட்டிக்கே போதாமல் போகும் நிலைக்குக் கடனை விடக் கூடாது என்றும் சொன்னது. உங்கள் தவணை 25,000 ஆனதும் அந்தக் காலத்தில்தான் இருக்க வேண்டும். இப்போது ரெப்போ 5.25%-க்கு இறங்கியிருக்கிறது. அதனால் 25,000-இல் வட்டி 19,000 போக, அசலுக்கு மாதம் 6,000 சேர்கிறது. இதே வேகத்தில் போனால் கடன் முடிய இன்னும் 17 வருடம் 7 மாதம் ஆகும். 20 வருடக் கடன் 22 வருடத்தைத் தாண்டிவிட்டது.

ஆக, அடைப்பதா முதலீடு செய்வதா என்று யோசிக்கும் முன்பே செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது. உங்கள் வட்டியில் ரெப்போவுக்கு மேல் இருக்கும் அந்த 2.9%-ஐத்தான் ‘ஸ்பிரெட்’ என்கிறார்கள். ரெப்போ இறங்கினாலும் அது தானாக இறங்காது. இன்று நல்ல சிபில் மதிப்பெண்ணோடு புதிதாகக் கடன் கேட்டு வருபவருக்குப் பல வங்கிகள் 7.5% அளவிலோ அதற்குக் கீழேயோ கொடுக்கின்றன. பழைய வாடிக்கையாளர் பழைய ஸ்பிரெட்டிலேயே கட்டிக்கொண்டிருக்கிறார், கேட்கும் வரை. கிளைக்குப் போய், புதிய வாடிக்கையாளருக்குத் தரும் விகிதத்துக்கு என் கடனை மாற்றித் தாருங்கள் என்று எழுத்தில் கொடுங்கள். அதற்கு ஒரு கட்டணம் கேட்பார்கள். கொடுத்துவிடலாம்.

8.15% 7.5% ஆனால், அதே 25,000 தவணையில் கடன் 18 மாதம் முன்னதாக முடிகிறது. நான்கரை லட்சம் ரூபாய்த் தவணை மிச்சம். கையிலிருந்து கூடுதலாக ஒரு ரூபாய்கூடப் போடாமல் கிடைக்கும் லாபம் இது. மாற்றித் தர மறுத்தால் வேறு வங்கிக்கு ‘டேக் ஓவர்’ போகலாம். ஆனால் அதில் ப்ராசஸிங் ஃபீஸ், வக்கீல் கருத்துக்கான கட்டணம், வீட்டுப் பத்திரத்தை அடமானம் வைத்ததற்கான பழைய எம்ஓடி பதிவை ரத்து செய்து புதிதாகப் பதியும் செலவு எல்லாம் வரும். மொத்தத்தையும் கூட்டி, ஒரு வருட வட்டி மிச்சமான சுமார் 18,000 ரூபாயோடு ஒப்பிடுங்கள். இரண்டு வருடத்துக்குள் செலவு திரும்பக் கிடைக்குமென்றால் மாறுவதில் அர்த்தம் இருக்கிறது. விகிதம் குறைந்ததும் வங்கி தவணையைக் குறைத்துக் கொடுக்க முன்வரலாம். வேண்டாம், 25,000 அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள் என்று அதே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

சரி, இனி அந்த 20,000.

கடனில் கூடுதலாகக் கட்டும் ஒவ்வொரு ரூபாயும் உங்களுக்கு 8.15% சம்பாதித்துத் தருகிறது. அந்த ரூபாய்க்கு இனி நீங்கள் வட்டி கட்ட வேண்டியதில்லை என்பதுதான் அந்த வருமானம். அதற்கு வருமான வரி கிடையாது, சந்தை ஏற்ற இறக்கமும் கிடையாது. இப்போது அதே பணம் ஆர்.டி.யில் இருக்கிறது. ஆர்.டி. 6.5% கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 14 லட்சம் சம்பளத்துக்குப் புதிய வரி முறையில் உங்கள் கடைசி வரி விகிதம் 15%, செஸ் சேர்த்து 15.6%. ஆர்.டி. வட்டியும் உங்கள் வருமானத்தோடு சேர்ந்துகொள்ளும் என்பதால் கையில் நிற்பது 5.5%தான். 8.15%-க்குக் கடன் வைத்துக்கொண்டு 5.5%-க்குச் சேமித்தால், ஒரு லட்சத்துக்கு வருடம் 2,650 ரூபாய் கைநட்டம். எஃப்.டி., அஞ்சலகச் சேமிப்பு, எண்டோவ்மென்ட் பாலிசி எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். இந்த வகைப் பாதுகாப்பான முதலீடு எதையும் வீட்டுக்கடனுக்கு எதிராக நிறுத்திப் பார்க்கத் தேவையில்லை, கடன் அடைப்பதுதான் ஜெயிக்கும். இந்த அளவுக்கு உங்கள் அப்பா சொல்வது முழுக்க முழுக்கச் சரி.

‘வீட்டுக்கடன் மலிவு’ என்று உங்கள் நண்பர் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. பழைய வரி முறையில், குடியிருக்கும் வீட்டுக்குக் கட்டும் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 20% வரி கட்டும் ஒருவருக்கு 8.15% கடன், அந்த 2 லட்சம் வரையிலான வட்டிக்கு, 6.5% கடனாக மாறிவிடும். ஆனால் புதிய முறையில் குடியிருக்கும் வீட்டுக்கு இந்தச் சலுகை இல்லை. உங்கள் சம்பளத்துக்கு நான் போட்டுப் பார்த்தேன். வட்டிக்கு 2 லட்சமும் பி.எஃப்., அசல் எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சமும் கழித்தால்கூட, 2025-26 விகிதப்படி பழைய முறையில் செஸ்ஸுக்கு முன் 1,12,500 வரி. புதிய முறையில் 78,750. ஆகவே நீங்கள் புதிய முறையில்தான் இருக்க வேண்டும். அங்கே உங்கள் கடனின் உண்மையான விலை முழு 8.15%. வரிச் சலுகைக்காகக் கடனை வைத்திருங்கள் என்று யாராவது சொன்னால் அது உங்களுக்குப் பொருந்தாது.

மிச்சம் இருக்கும் பெரிய போட்டியாளர், உங்கள் நண்பர் சொல்லும் எஸ்ஐபி பணம் போய்ச் சேரும் பங்குச் சந்தை. நீண்ட காலத்தில் 8.15%-ஐ நன்றாகவே தாண்டும் என்று நியாயமாக எதிர்பார்க்கக் கூடியது அது. ஆனால் இரண்டையும் ஒப்பிடும் விதத்தில்தான் பெரும்பாலோர் தடுமாறுகிறார்கள். ஒருவர் ‘கடனைச் சீக்கிரம் முடித்தால் 16 லட்சம் வட்டி மிச்சம்’ என்பார். இன்னொருவர் ‘எஸ்ஐபி போட்டால் ஒன்றேகால் கோடி’ என்பார். 16 லட்சத்தையும் ஒன்றேகால் கோடியையும் பக்கத்தில் வைத்தால் யாருக்கும் எஸ்ஐபி என்றுதான் தோன்றும். அந்த ஒப்பீடே தவறு. கடன் முடிந்த பிறகு கையில் மிஞ்சும் தவணைப் பணம் என்ன ஆகிறது என்பதை அது விட்டுவிடுகிறது. இரண்டு வழியிலும் மாதம் 45,000-தான் உங்கள் கையை விட்டுப் போகிறது. 17 வருடம் 7 மாதம் கழித்து, இரண்டிலும் கடன் இல்லாத அந்த ஒரே நாளில், எதில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

முதல் வழி: 20,000 முழுவதையும் கடனுக்குக் கட்டுகிறீர்கள். மாதம் 45,000 கட்டினால் கடன் 6 வருடம் 9 மாதத்தில் முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு மீதி 10 வருடம் 10 மாதமும் அந்த 45,000-ஐ அப்படியே எஸ்ஐபியில் போடுகிறீர்கள். இரண்டாவது வழி: கடனுக்கு 25,000 மட்டும். 20,000-ஐ முதல் நாளிலிருந்தே எஸ்ஐபியில் போட்டு வருகிறீர்கள்.

சந்தை சராசரியாக 11% கொடுத்தால் முதல் வழியில் 1 கோடியே 12 லட்சம், இரண்டாவதில் 1 கோடியே 28 லட்சம். ஓராண்டில் 1.25 லட்சத்துக்கு மேற்பட்ட நீண்டகால லாபத்துக்கு இப்போது 12.5% வரி. அதையும் கழித்தால் வித்தியாசம் சுமார் 12 லட்சம், எஸ்ஐபிக்குச் சாதகமாக. சந்தை 7%தான் கொடுத்தது என்றால் முதல் வழியில் 87 லட்சம், இரண்டாவதில் 83 லட்சம். கடனை அடைத்தவர் முன்னால் நிற்கிறார். இரண்டும் சமமாகும் புள்ளி, வரியையும் சேர்த்தால், 9%-க்குச் சற்றுக் கீழே வருகிறது.

இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். பதினேழரை வருடம் சந்தை நன்றாகப் போய், நீங்களும் ஒரு மாதம்கூடத் தவறாமல் போட்டால் கிடைக்கும் கூடுதல் 12 லட்சம். அது நல்ல தொகைதான். ஆனால் கோடிக்கணக்கான வித்தியாசம் என்று காதில் விழுவதற்கும் இதற்கும் தூரம் அதிகம். எஸ்ஐபி பணக்காரனாக்கும், கடன் அடைப்பது முட்டாள்தனம் என்று யாராவது அழுத்திச் சொன்னால், இந்தக் கணக்கை அவரையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

அந்த 12 லட்சம் கிடைப்பதற்கு ஒரு நிபந்தனையும் இருக்கிறது. 2008 ஜனவரியில் 21,000-ஐத் தொட்ட சென்செக்ஸ் 2009 மார்ச்சில் 8,000-க்கு அருகில் கிடந்தது. 2020-இல் கொரோனா வந்தபோது சில வாரங்களிலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. இரண்டு தடவையும் சந்தை மீண்டுவிட்டது. ஆனால் சந்தை விழும் சமயத்தில்தான் கம்பெனிகளில் ஆட்குறைப்பும் நடக்கும், சம்பள உயர்வும் நிற்கும். 12 லட்சம் போட்டது 7 லட்சமாகத் தெரியும்போது, வேலையும் ஆட்டம் காணும்போது, 25,000 தவணை மட்டும் மாறாமல் வாசலில் நிற்கும்போது எஸ்ஐபியை நிறுத்தாமல் இருப்பதற்கு மனம் மட்டும் போதாது, கையில் வேறு பணம் இருக்க வேண்டும். ஒரே சம்பளத்தில் ஓடும் வீட்டில் இதை நான் லேசாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

கடன் அடைக்கும் பக்கத்திலும் ஒரு பொறி இருக்கிறது. உங்கள் அப்பா அதைச் சொல்லியிருக்க மாட்டார். சாதாரண வீட்டுக்கடனில் கூடுதலாகக் கட்டிய பணம் திரும்பி வராது. மூன்று வருடம் வைராக்கியமாக 7 லட்சம் கூடுதலாகக் கட்டிவிட்டு நான்காம் வருடம் வேலை போனால், ‘அதில் ஆறு மாதத் தவணையை ஈடுகட்டிக்கொள்ளுங்கள்’ என்று வங்கியிடம் சொல்ல முடியாது. அடுத்த மாதத் தவணை 5-ஆம் தேதி வந்து நிற்கும். டாப்-அப் கடன் கேட்கலாம், ஆனால் வேலை இல்லாதவருக்கு யார் கொடுப்பார்கள்? கூடுதல் பணத்தைப் போட்டு எடுக்கும் வசதியுள்ள ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன்கள் உண்டு, வட்டி பொதுவாகச் சற்று அதிகம். வருமானம் ஏறி இறங்கும் தொழில்காரர்களுக்கு அது நல்லது. மாதச் சம்பளக்காரரான உங்களுக்கு, தனியாக ஓர் அவசர நிதி இருந்தால் போதும்.

அந்த நிதி உங்களிடம் ஏறக்குறைய தயாராகவே இருக்கிறது. வீட்டுச் செலவு 40,000, தவணை 25,000, ஆக மாதம் 65,000. ஆறு மாதத்துக்கு 3,90,000. எஃப்.டி. 3 லட்சமும் ஆர்.டி.யில் சேர்ந்த 80,000-மும் கிட்டத்தட்ட அதைத் தொட்டுவிடுகின்றன. ஆர்.டி.யை முடித்து எஃப்.டி.யோடு சேர்த்து வையுங்கள். ‘3 லட்சம் சும்மா கிடக்கிறது, கடனில் போட்டுவிடலாமா’ என்று ஒரு நாள் தோன்றும். போடாதீர்கள். அது குறைவான வட்டியில் கிடப்பதால் ஆகும் நட்டம் வருடத்துக்குப் பத்தாயிரம் ரூபாய் அளவு. ஒரே சம்பளக் குடும்பத்துக்கு அது கொடுக்க வேண்டிய விலைதான்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் காப்பீடு பற்றி ஒரு சொல்லும் இல்லை. உங்கள் பெயரில் கடன் தொகையையும் பிள்ளைகள் படிப்பையும் தாங்கும் அளவுக்கு ஒரு டேர்ம் பாலிசி, கம்பெனி கொடுப்பதற்கு மேல் சொந்தமாக ஒரு குடும்ப மருத்துவக் காப்பீடு, இரண்டும் இல்லையென்றால் அவற்றின் பிரீமியம் இந்த 20,000-இலிருந்துதான் முதலில் போக வேண்டும். கீழே சொல்லும் எஸ்ஐபி பங்கில் அதைக் குறைத்துக்கொள்ளுங்கள், கடன் பங்கில் வேண்டாம்.

என் முடிவு: மாதம் 12,000 கடனுக்கு, 8,000 எஸ்ஐபிக்கு.

ஏன் இந்தப் பங்கு என்றால், உங்கள் மகளின் வயதுதான் காரணம். இப்போது 10. எட்டு வருடத்தில் கல்லூரி. இன்றைய நிலையில் விட்டால் மகள் கல்லூரியில் சேரும்போதும், நான்கு வருடம் கழித்து மகன் சேரும்போதும் இந்தத் தவணை ஓடிக்கொண்டிருக்கும். கடன் முடியும்போது உங்களுக்கு 55 வயது ஆகிவிடும். மாதம் 37,000 கட்டினால், வட்டி 8.15%-ஆகவே இருந்தாலும், 8 வருடம் 11 மாதத்தில் முடிந்துவிடும். விகிதத்தை 7.5%-க்குக் குறைத்துவிட்டால் 8 வருடம் 7 மாதம். அதாவது மகளின் முதல் வருடக் கட்டணத்தை மட்டும் கொஞ்சம் சிரமப்பட்டுச் சமாளித்தால் போதும், இரண்டாம் வருடத்திலிருந்து மாதம் 37,000 கையில் நிற்கும். அந்த முதல் வருடத்தில் தேவைப்பட்டால் கூடுதலாகக் கட்டும் 12,000-ஐ நிறுத்திக்கொள்ளலாம். உங்கள் விருப்பத்தின் பேரில் கட்டுவதுதானே, யாரும் கேட்க மாட்டார்கள். இதற்காகவே, தவணையை 37,000 ஆக உயர்த்தித் தரும்படி வங்கியில் எழுதிக் கொடுக்காதீர்கள். தவணை 25,000 என்றே இருக்கட்டும், 12,000 தனியாகப் போகட்டும்.

முழு 20,000-ஐயும் கடனில் போட்டு ஆறே முக்கால் வருடத்தில் முடிக்கலாமே என்று அப்பா கேட்பார். முடிக்கலாம், தவறில்லை. ஆனால் 45 வயது வரை பங்குச் சந்தைப் பக்கமே போகாத ஒருவர், அதற்கப்புறம் மாதம் 45,000-ஐ அதில் போடத் துணிவது அபூர்வம். பெரும்பாலும் அந்தப் பணம் காருக்கோ அடுத்த மனைக்கோ போய்விடும். 8,000 என்பது சந்தை விழுந்தால் தூக்கம் கெடாத தொகை. ஒன்றிரண்டு சரிவுகளை அந்தச் சிறிய தொகையோடு பார்த்துவிட்டால், கடன் முடிந்த பிறகு பெரிய தொகை போடும் தெளிவு வரும். எட்டரை வருடத்தில் இந்த 8,000, 11% கிடைத்தால் பதிமூன்றரை லட்சத்தைத் தாண்டும், 7% கிடைத்தாலும் 11 லட்சம். இதை உங்கள் ஓய்வுக்காலத்துக்கென்று வையுங்கள், மகளின் கல்லூரிக்கு என்று நினைக்காதீர்கள். எட்டு வருடம் கழித்து ஒரு குறிப்பிட்ட ஜூன் மாதத்தில் சந்தை எந்த இடத்தில் இருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஐம்பது பெரிய நிறுவனங்களின் பங்குகளை அப்படியே பின்பற்றும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட் ஒன்று, முகவர் கமிஷன் இல்லாத ‘டைரக்ட்’ திட்டத்தில், போதும். நாலைந்து ஃபண்டுகளாகப் பிரிக்க இது பெரிய தொகை இல்லை.

இனி அந்த 12,000-ஐக் கட்டும் முறை. இங்கேதான் நிறையப் பேருக்குப் பணம் வேலை செய்யாமல் போகிறது.

மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக்கடனை முன்கூட்டிக் கட்ட அபராதம் கிடையாது. வங்கிகளுக்கு ரிசர்வ் வங்கி 2012-லேயே இதைத் தடை செய்துவிட்டது. எனவே ‘ப்ரீ-பேமென்ட் சார்ஜ்’ என்று யாராவது சொன்னால் எழுத்தில் கேளுங்கள். சில இடங்களில் பார்ட் பேமென்ட்டுக்குக் குறைந்தபட்சத் தொகை வைத்திருப்பார்கள், ஒரு தவணை அளவு என்பதுபோல. அப்படி இருந்தால் இரண்டு, மூன்று மாதம் சேமிப்புக் கணக்கில் வைத்துச் சேர்த்துக் கட்டுங்கள். வருடக் கடைசி வரை காத்திருக்க வேண்டாம், அவ்வளவு நாள் அந்தப் பணத்துக்கும் சேர்த்து வட்டி ஓடும்.

நீங்கள் கட்டிய கூடுதல் பணம் அசலில் கழிந்ததா, அல்லது ‘அட்வான்ஸ் இஎம்ஐ’ என்று ஓரமாக நின்றுகொண்டிருக்கிறதா என்பதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். அட்வான்ஸாக நின்றால் அடுத்த தவணை அதிலிருந்து எடுக்கப்படும், வட்டி ஒரு பைசாகூடக் குறையாது. கண்டுபிடிப்பது சுலபம். பாக்கி சரியாக 28,00,000 என்று வைத்துக்கொள்வோம். இந்த மாதத் தவணை 25,000-இல் வட்டி 19,017, அசல் 5,983. தவணைக்குப் பின் பாக்கி 27,94,017. நீங்கள் 12,000 கட்டிய மறுநாள் அது 27,82,017 ஆகியிருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் 27,94,017 என்றே நின்றால் பணம் அசலுக்குப் போகவில்லை என்று அர்த்தம். உடனே கிளைக்குப் போய் மாற்றச் சொல்லுங்கள். பாக்கித் தொகையைப் பாருங்கள் என்கிறேன், வட்டியைப் பார்க்கச் சொல்லவில்லை. நாள் கணக்கில் வட்டி போடும் வங்கியில் 30 நாள் மாதத்துக்கும் 31 நாள் மாதத்துக்கும் சில நூறு ரூபாய் வித்தியாசம் வரும், அதை வைத்துக் குழம்ப வேண்டியதில்லை.

அப்புறம், பார்ட் பேமென்ட் செய்யும்போது ஆப்பிலோ படிவத்திலோ இரண்டு வாய்ப்புகள் காட்டும்: தவணையைக் குறைப்பது, காலத்தைக் குறைப்பது. காலத்தைத் தேர்ந்தெடுங்கள். தவணை குறைந்தால் மிஞ்சும் பணம் வீட்டுச் செலவில் கரைந்துவிடும், கடன் அதே 17 வருடம் போகும். காலத்தைக் குறைத்தால் விளைவு வேறு. போனஸ் வந்து ஒரு லட்சம் கட்டினீர்கள் என்று வையுங்கள், இன்றைய நிலையில் அது கடைசியில் 16 தவணைகளை வெட்டிவிடும். அதாவது நான்கு லட்சம் ரூபாய். கேட்பதற்கு மாயம்போலத் தெரியும். 8.15% கூட்டு வட்டியில் ஒரு லட்சம் பதினேழு வருடத்தில் நான்கு மடங்காவதுதான் இது, வேறொன்றும் இல்லை. இதே காரணத்தால் கடைசி மூன்று, நான்கு வருடங்களில் கட்டும் கூடுதல் பணத்துக்கு இந்தப் பலன் இருக்காது.

இந்த 12-8 பங்கைக் கல்லில் செதுக்கியதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் மனைவி வேலைக்குப் போகத் தொடங்கி இரண்டாவது சம்பளம் வந்தால் எஸ்ஐபி பங்கைக் கூட்டலாம், அப்போது சரிவைத் தாங்கும் பலம் வீட்டுக்கு வந்துவிடும். ரெப்போ மறுபடி ஏறி உங்கள் வட்டி 9%-ஐத் தாண்டினால், அந்த வருடச் சம்பள உயர்வைக் கடனுக்குத் திருப்புங்கள், ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபியை நிறுத்த வேண்டாம். சந்தை ஏறுகிறது என்பதற்காகக் கடன் பங்கைக் குறைப்பதும், சந்தை விழுந்துவிட்டது என்று எஸ்ஐபியை நிறுத்தி மொத்தத்தையும் கடனில் போடுவதும்தான் இரண்டு வழியிலும் தோற்கும் முறை.

இந்த வாரமே கிளைக்குப் போகும்போது மூன்று காகிதங்களைக் கேட்டு வாங்குங்கள்: கடன் தொடங்கிய நாளிலிருந்து இன்று வரையான முழு ஸ்டேட்மென்ட், மீதமுள்ள தவணைகளின் அட்டவணை, உங்கள் ஸ்பிரெட் எவ்வளவு என்று காட்டும் கடைசி வட்டி மாற்றக் கடிதம். அட்டவணையில் மீதித் தவணை 211 அல்லது 212 என்று இல்லாமல் அதற்கு மேல் காட்டினால், எங்கோ ஒரு கட்டணமோ காப்பீட்டுத் தொகையோ உங்கள் கடனில் ஏற்றப்பட்டிருக்கலாம். ஸ்டேட்மென்ட்டில் பற்று வைத்த வரிகளை ஒவ்வொன்றாகப் பார்த்து, அது என்னவென்று கேட்டுவிட்டு, அதற்குப் பிறகு முதல் 12,000-ஐக் கட்டுங்கள்.